அசல் படம் அனுப்பியவர் போனிலேயே இருக்கிறது

வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டால், துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் ஒரு தேடல் தொடங்கிவிடும். அஞ்சலி போஸ்டருக்கும், கூடத்தில் மாலை போட்டு வைக்கும் சட்டத்துக்கும் நல்லதாக ஒரு போட்டோ வேண்டும். பெரும்பாலும் தனிப்படம் இருக்காது. பேத்தி கல்யாணத்தில் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்த குரூப் போட்டோ ஒன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிடைக்கும். அதில் பாட்டி மூன்றாவது ஆளாக நின்று சிரித்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஸ்டுடியோவுக்கு அனுப்புவார்கள். வருகிற பிரிண்டில் முகம் களிமண்ணில் பிசைந்தது போல இருக்கும். போனில் பார்த்தபோது எவ்வளவு தெளிவாக இருந்தது என்று எல்லோரும் ஸ்டுடியோக்காரரைக் குற்றம் சொல்வார்கள்.

அவர் மேல் தவறில்லை. அவருக்கு வந்து சேர்ந்த கோப்பில் முகமே அவ்வளவுதான் இருந்தது. எங்கே போயிற்று மீதி முகம் என்பதைக் கணக்கோடு பார்த்தால்தான் அதை எப்படித் திரும்பப் பெறுவது என்பதும் விளங்கும்.

சாதாரணமான ஒரு போன் கேமரா 12 மெகாபிக்சல் படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தின் நீளத்தில் 4000 புள்ளிகள், உயரத்தில் 3000 புள்ளிகள். கோப்பின் அளவு மூன்று முதல் ஐந்து எம்.பி. வரை இருக்கும். இதை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல, கேலரியைத் திறந்து படத்தைத் தொட்டு அனுப்பினால், செயலி முதலில் படத்தைச் சிறிதாக்குகிறது. நீளமான பக்கத்தைச் சுமார் 1600 புள்ளிகளுக்குக் குறைப்பது வெகுகாலமாக அதன் வழக்கம். பதிப்புக்குப் பதிப்பு, போனுக்குப் போன் இந்த எண் கொஞ்சம் மாறும். 1600 என்றே வைத்துக்கொண்டால் படம் 1600க்கு 1200 ஆகிறது. ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள் இருந்த இடத்தில் இப்போது பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது.

இப்போது பாட்டியின் முகத்துக்கு வருவோம். குரூப் போட்டோவில் அவருடைய தலையும் தோளும் மட்டும் வரும்படி வெட்டினால், அசல் படத்தில் அது 900க்கு 1125 புள்ளிகள் கொண்ட துண்டு என்று கொள்வோம். சட்டம் 8க்கு 10 அங்குலம். ஓர் அங்குலத்துக்குச் சுமார் 112 புள்ளிகள் கிடைக்கும். கையில் வைத்துப் பார்க்கும் நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் சிறப்பு என்பது அச்சுத் துறையின் கணக்கு. ஆனால் சுவரில் மாட்டிச் சில அடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 112 சமாளிக்கும். அதே துண்டு வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் 360க்கு 450 புள்ளிகள்தான். அங்குலத்துக்கு 45. எவ்வளவு நல்ல அச்சு இயந்திரமானாலும் இதிலிருந்து கண்ணிமையையும் மூக்குத்தியையும் கொண்டுவர முடியாது.

போன் திரையில் ஏன் தெரியவில்லை என்றால், திரையின் அகலமே பெரும்பாலும் 1080 புள்ளிகள்தான். 1600 புள்ளிப் படமே அதற்கு மிச்சம். விரல்களால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

புள்ளிகளைக் குறைப்பது பாதிக் கதை. மீதியுள்ள புள்ளிகளும் மறுபடி சுருக்கப்படுகின்றன. பெரும்பாலான போட்டோக்கள் ஜேபெக் என்ற முறையில் சேமிக்கப்படுகின்றன. 1992இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட முறை அது. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய மாற்றங்களைத் தள்ளிவிட்டு, பெரிய மாற்றங்களை மட்டும் வைத்துக்கொள்ளும். எவ்வளவு தள்ளுவது என்பது சுருக்குபவர் கையில் இருக்கிறது. கேமரா கொஞ்சமாகத் தள்ளும். செய்தி அனுப்பும் செயலி தாராளமாகத் தள்ளும். அளவுக்கு மீறித் தள்ளினால் அந்தக் கட்டங்களின் ஓரங்களே படத்தில் தெரிய ஆரம்பிக்கும். வானம் போன்ற வழவழப்பான இடங்களில் சதுரம் சதுரமாகத் தெரிவது இதனால்தான்.

இந்த முறை நம் கண்ணின் ஒரு பலவீனத்தையும் பயன்படுத்திக்கொள்கிறது. வெளிச்சம் மாறுவதை நாம் துல்லியமாகப் பார்ப்போம். நிறம் மாறுவதை அவ்வளவு துல்லியமாகப் பார்ப்பதில்லை. அதனால் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒன்றாக வைப்பது வழக்கம். பச்சை வயலையோ கடலையோ பார்த்தால் இது தெரியவே தெரியாது. பாட்டியின் நெற்றிக் குங்குமத்தில் தெரியும். சிவப்பின் ஓரம் கூர்மையாக நிற்காமல் தோலில் கசிந்தது போல இருக்கும். அரக்குப் பட்டின் கரையில் தெரியும். ஜரிகையின் மினுமினுப்பு, நரைமுடியின் இழைகள், பத்திரிகை அட்டையில் உள்ள சிறு எழுத்துகள் என நுணுக்கம் நெருக்கமாக இருக்கும் இடமெல்லாம் முதலில் அடிபடும். உங்களுக்கு வந்த படம் அசலா, சுருக்கியதா என்று சந்தேகம் வந்தால் முகத்தைப் பார்க்காதீர்கள். முடியையும் புடவைக் கரையையும் விரித்துப் பாருங்கள்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? கஞ்சத்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் வாட்ஸ்அப் தொடங்கியது 2009இல். அப்போது நம்மில் பலர் கையில் இருந்தது 2ஜி. நொடிக்கு 100 கிலோபிட் வேகம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த வேகத்தில் 4 எம்.பி. படம் ஒன்று போய்ச்சேர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். கால் எம்.பி.யாகச் சுருக்கினால் இருபது நொடி. அந்தக் காலத்தில் வாட்ஸ்அப் இவ்வளவு பரவியதற்கு இந்தச் சுருக்கலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இன்று வேகம் வந்துவிட்டது. ஆனால் குழுக்களும் பெருத்துவிட்டன. நூறு பேர் உள்ள குழுவில் தினமும் வந்து விழும் காலை வணக்கப் படங்கள் எல்லாம் தலைக்கு நான்கு எம்.பி. இருந்தால், விலை குறைந்த போன் ஒன்றின் நினைவகம் எத்தனை நாள் தாங்கும்? அதனால் சுருக்குவது இயல்பு நிலையாகவும், சுருக்காமல் அனுப்புவது நாம் தேடிப் போய்ச் செய்ய வேண்டியதாகவும் இருக்கிறது.

பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. சுருக்கும் வேலை நிறுவனத்தின் கணினிகளில் எங்கோ நடக்கிறது, அசல் அங்கே பத்திரமாக இருக்கும், பெறுபவர் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும் என்பது அந்த நினைப்பு. அப்படி இல்லை. 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப்பில் எல்லாச் செய்திகளும் படங்களும் அனுப்புபவர் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவர் போனில்தான் திறக்கப்படுகின்றன. நடுவில் உள்ள கணினிக்கு உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாது. தெரியாத படத்தை அது எப்படிச் சுருக்கும்? ஆகவே சுருக்கல் நடப்பது அனுப்புபவரின் போனில், பூட்டுவதற்கு முன்னால். அசல் அந்தப் போனை விட்டு வெளியே வரவே இல்லை. குழுவில் இருக்கும் நூறு பேரிடம் கேட்டாலும் அவர்களிடம் இருப்பது அதே சுருங்கிய படம்தான். தெளிவான படம் வேண்டுமென்றால், கல்யாணத்தன்று அந்தப் படத்தை எடுத்தது யாருடைய போன் என்று கேளுங்கள்.

ஃபார்வர்டு செய்யச் செய்யப் படம் தேய்ந்துகொண்டே போகும் என்று சொல்வார்கள். அது பாதிதான் சரி. வாட்ஸ்அப்புக்குள்ளேயே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தள்ளிவிடும்போது ஏற்கெனவே சுருங்கிய அதே கோப்புதான் கைமாறுகிறது. ஒருவர் அதைச் சேமித்து, ஓரத்தை வெட்டி, மேலே பூப்போட்டு, புதுப் படமாக மறுபடி அனுப்பினால் அப்போது மறுபடி சுருங்கும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான். எல்லாவற்றையும்விட மோசம் ஸ்கிரீன்ஷாட். போனை நிமிர்த்திப் பிடித்து ஒரு குறுக்குப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், அது எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும் திரையின் அகலமான 1080 புள்ளிகளுக்கு வந்துவிடும். ஸ்டேட்டஸில் கண்ட படத்தை அப்படி எடுத்து ஸ்டுடியோவுக்கு அனுப்புவது நாள்தோறும் நடக்கிறது.

அனுப்பும் வழிக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் வாட்ஸ்அப் HD என்ற வசதியைக் கொண்டுவந்தது. படத்தைத் தேர்ந்தெடுத்த பின் மேலே HD என்று தெரியும். அதைத் தொட்டுவிட்டு அனுப்பலாம். படம் முன்னைவிடப் பெரிதாகப் போகும். உறவினர்களுக்குப் பார்க்கக் கொடுப்பதற்கு இது தாராளமாகப் போதும். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இதுவும் சுருக்கிய படம்தான். குறைவாகச் சுருக்கியது, அவ்வளவே. அச்சுக்கு, வெட்டிப் பெரிதாக்குவதற்கு, அரசு அலுவலகத்தில் கேட்கும் ஆவணப் படத்துக்கு இதை நம்பக் கூடாது.

அசல் போக வேண்டுமென்றால் படத்தைப் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்ப வேண்டும். செய்தி எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள பின் போன்ற குறியை, ஐபோனில் கூட்டல் குறியை, தொடுங்கள். Gallery அல்லது Photos என்பதைத் தொடாமல் Document என்பதைத் தொடுங்கள். அதற்குள் போய்ப் படத்தைத் தேடித் தேர்ந்தெடுங்கள். அனுப்பிய பின் உரையாடலில் படத்தோடு கோப்பின் பெயரும் எத்தனை எம்.பி. என்பதும் தெரிய வேண்டும். பெயரும் அளவும் இல்லாமல் வெறும் படமாகப் போயிருந்தால் பழைய வழியிலேயே போயிருக்கிறது என்று அர்த்தம். 2022 முதல் இப்படி 2 ஜி.பி. வரையிலான ஒரு கோப்பை அனுப்பலாம். போட்டோவுக்கு அது கவலைப்படவே தேவையில்லாத அளவு. டெலிகிராமிலும் இதே கதைதான்: படமாக அனுப்பினால் சுருங்கும், கோப்பாக அனுப்பினால் சுருங்காது.

இதைச் செய்தும் மங்கலாக வந்தது என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கோப்பாக அனுப்பியது சரி, எந்தப் படத்தை அனுப்பினார்கள்? ஆண்ட்ராய்டு போனில் கேமரா எடுத்த படங்கள் DCIM என்ற பெட்டிக்குள் Camera என்பதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்தவை WhatsApp Images என்ற தனிப் பெட்டியில் இருக்கும். போதாக்குறைக்கு, நீங்கள் முன்பு அனுப்பிய படத்தின் சுருங்கிய நகலும் அதற்குள்ளேயே Sent என்ற பெயரில் கிடக்கும். Document வழியாகத் தேடும்போது இவை எல்லாம் ஒன்றாகக் கலந்து கண்ணில் படும். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். அவசரத்தில் சுருங்கியதைத் தொட்டுவிட்டால், அந்தச் சுருங்கிய படம் இம்மி குறையாமல் பத்திரமாகப் போய்ச்சேரும்.

பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் படங்களுக்கு வைக்கும் பெயர் இப்படி இருக்கும்:

```
IMG-20240512-WA0007.jpg
```

நடுவில் உள்ள WA தான் அடையாளம். அதில் உள்ள தேதியும் படம் எடுத்த நாள் இல்லை; வாட்ஸ்அப்பில் போன அல்லது வந்த நாள். கேமராவின் படத்துக்கு இந்த WA இருக்காது. பெயரை யாரும் மாற்றிவிட முடியும் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். படத்தைத் திறந்து அதன் விவரங்களை, Details அல்லது Info என்று இருக்கும், பார்த்தால் புள்ளிகளின் எண்ணிக்கையும் கோப்பின் அளவும் தெரியும். கேமராவின் அசலாக இருந்தால் எந்தப் போன், எந்த நேரத்தில், எத்தனை ஒளித்துளையில் எடுத்தது என்ற தகவலும் கூடவே இருக்கும். வழக்கமான முறையில் அனுப்பிய படத்தில் இவற்றை வாட்ஸ்அப் நீக்கிவிடும். 4000க்கு 3000 என்றும் போன் பெயரும் தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு அனுப்பலாம். 1600க்கு 1200, 280 கே.பி. என்றிருந்தால் அசலை எடுத்தவரை மறுபடி தேடத்தான் வேண்டும்.

ஐபோன்காரர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல். 2017க்குப் பிறகு வந்த ஐபோன்கள் படங்களை ஹீக் என்ற வேறொரு முறையில், .HEIC என்று முடியும் பெயரில், சேமிக்கின்றன. ஜேபெக்கைவிடச் சிறிய கோப்பு, தரமும் நன்று. ஆனால் ஸ்டுடியோவில் உள்ள பழைய விண்டோஸ் கணினி அதைத் திறக்க மறுக்கலாம். படம் பழுது என்று பதில் வரும். பழுதில்லை. அந்தக் கணினிக்கு அந்த மொழி தெரியாது என்பதுதான் விஷயம். இனி எடுக்கப்போகும் படங்களுக்கு Settings, Camera, Formats என்று போய் Most Compatible என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஜேபெக்காகவே சேமிக்கும். ஏற்கெனவே எடுத்தவற்றுக்கு ஸ்டுடியோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவர் மாற்றிக்கொள்வார்.

ஒன்றிரண்டு படம் என்றால் Document வழி போதும். ஒரு கல்யாணத்துப் படங்கள் முந்நூறு, நானூறு என்றால் அது முதுகை ஒடிக்கும். அப்போது கூகுள் டிரைவில் ஒரு பெட்டி போட்டு எல்லாவற்றையும் ஏற்றி, இணைப்பை மட்டும் அனுப்புவது வசதி. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடத்தில் நான்கு எம்.பி. படங்கள் ஆயிரக்கணக்கில் அடங்கும், ஜிமெயில் அதில் பாதியைத் தின்னாமல் இருந்தால். இணைப்பைத் தெரிந்தவர் யாரும் பார்க்கலாம் என்று மாற்றிவைக்க மறந்துவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடப்பது. அனுமதி கேட்டு மறுமுனையிலிருந்து மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கும். பக்கத்திலேயே ஆள் இருந்தால் இணையமே வேண்டாம். ஆண்ட்ராய்டில் குயிக் ஷேர், ஐபோனில் ஏர்டிராப், இல்லையென்றால் சார்ஜர் கேபிளில் கணினியோடு இணைத்துப் பென் டிரைவில் போட்டுக்கொடுப்பது. இவை எதுவும் படத்தைத் தொடாது.

கூகுள் போட்டோஸில் இருந்து எடுத்து அனுப்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே Original quality, Storage saver என்று இரண்டு நிலை உண்டு. இரண்டாவதில் வைத்திருந்தால் ஏற்றும்போதே படம் சுருக்கப்பட்டுவிடும். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை அந்த அளவுக்குக் குறைக்கப்படும். 12 மெகாபிக்சல் போட்டோவுக்குப் புள்ளிகள் குறையாது, வாட்ஸ்அப் அளவுக்குச் சேதாரமும் இருக்காது. ஆனால் போனில் இடமில்லை என்று அங்கே ஏற்றியபின் போனிலிருந்து அழித்துவிட்டால், இனி அதுதான் உங்கள் அசல்.

கோப்பாக அனுப்புவதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. படத்தோடு கூடவே போகும் தகவல்களில் அது எடுக்கப்பட்ட இடமும் இருக்கலாம். கேமராவில் இடத்தைப் பதிவுசெய்யும் வசதி திறந்திருந்தால், வீட்டு வாசலில் எடுத்த குழந்தையின் படத்தில் உங்கள் வீடு வரைபடத்தில் எங்கே என்பது எண்களாக எழுதப்பட்டிருக்கும். ஸ்டுடியோவுக்கோ சொந்தக்காரருக்கோ அனுப்பினால் பரவாயில்லை. பழைய பைக்கை விற்க முகம் தெரியாதவருக்குப் படம் அனுப்பும்போது வழக்கமான, சுருக்கும் வழியே நல்லது. அங்கே அந்தத் தகவல் கழன்றுவிடுகிறது.

படத்தை எடுத்த போனே தொலைந்துவிட்டது, மாற்றியாகிவிட்டது, யாரிடமும் அசல் இல்லை என்ற நிலையும் வரும். கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதே வரிசையை அவரும் எடுத்திருப்பார், அவர் கேமராவின் கோப்பு போனைவிடப் பெரிதாகவே இருக்கும். அதுவும் இல்லையென்றால் பிரிண்டின் அளவைக் குறைப்பதுதான் வழி. 360 புள்ளி அகலமுள்ள அந்த முகத் துண்டை 8 அங்குலத்துக்கு இழுக்காமல் 3 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 120 புள்ளிகள் கிடைக்கும். பெரிய சட்டத்துக்குள் அகலமான வெள்ளை ஓரம் விட்டு வைத்தால் பார்க்கவும் அழகாக இருக்கும். அல்லது முகத்தை வெட்டவே வேண்டாம். 1600 புள்ளி முழுக் குரூப் போட்டோவை அப்படியே 6க்கு 4 அங்குலத்தில் எடுத்தால் அங்குலத்துக்கு 260க்கு மேல் வரும். அந்த அளவில் பாட்டியும் அவரைச் சுற்றி நிற்பவர்களும் தெளிவாகவே இருப்பார்கள்.